'நல்லா இருக்கு' என்பதற்கு அடுத்த கேள்வி

கேள்வி: பல் மருத்துவமனைகளுக்கான முன்பதிவு மென்பொருள் செய்து விற்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. இணையதளத்தில் போடுவதற்காக மூன்று வாடிக்கையாளர்களை வீடியோ எடுத்தோம். மூவருமே எங்கள்மேல் பிரியம் உள்ளவர்கள். ஆனால் எடுத்ததைப் போட்டுப் பார்த்தால், "ரொம்ப யூஸ்ஃபுல்லா இருக்கு", "சப்போர்ட் சூப்பர்", "எல்லாருக்கும் ரெகமண்ட் பண்ணுவேன்" என்று மூவரும் ஒன்றையே சொல்கிறார்கள். "எங்கள் மென்பொருள் எப்படி இருக்கிறது, எது பிடித்தது, ஏன் எங்களைத் தேர்ந்தெடுத்தீர்கள், மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா" இவைதான் நாங்கள் கேட்ட கேள்விகள். அடுத்த மாதம் இன்னும் இருவரை எடுக்கப் போகிறோம். என்ன கேட்டால் உருப்படியாக ஏதாவது சொல்வார்கள்?

பதில்: உங்கள் வாடிக்கையாளர்கள்மேல் தப்பில்லை. கேட்டதற்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறார்கள். நான்கு கேள்விகளுமே அபிப்பிராயம் கேட்கிற கேள்விகள். அபிப்பிராயம் கேட்டால் அபிப்பிராயம்தான் வரும். அதுவும் எதிரே கேமரா, பக்கத்தில் விளக்கு, கேட்பவர் அந்தப் பொருளை விற்ற ஆள் என்றால், வருகிற அபிப்பிராயம் பாராட்டாகத்தான் இருக்கும்.

மனித நினைவைப் பற்றி எண்டெல் டல்விங் என்ற உளவியலாளர் 1972-ல் ஒரு பாகுபாடு சொன்னார். பொதுவாகத் தெரிந்து வைத்திருப்பது ஒரு வகை நினைவு. இன்ன நாளில், இன்ன இடத்தில் எனக்கு நடந்தது என்பது இன்னொரு வகை. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் முதல் வகைதான் கைக்கு வரும். நடந்ததையெல்லாம் சுருக்கி வைத்த முடிவு அது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. அதை வரவழைக்க, ஆளை அந்த நாளுக்கு, அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும். காவல்துறை சாட்சிகளை விசாரிப்பதற்காக ஃபிஷர், கைசல்மன் என்ற இருவர் 1980-களில் உருவாக்கிய நேர்காணல் முறையிலும் முதல் படி இதுதான்: என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன், அந்த இடத்தையும் நேரத்தையும் சாட்சியின் மனத்தில் திரும்ப எழுப்புவது. நமக்குக் குற்றம் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஆனால் கருவி அதேதான்.

அதனால் பத்துக் கேள்வி கொண்ட பட்டியலை உங்களுக்குத் தரப்போவதில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு பதில் முடிந்ததும் கண் அடுத்த வரிக்குப் போய்விடும். முதல் பதிலில் கதை இருக்காது. அதற்கு அடுத்து, அந்தப் பதிலிலிருந்தே எடுத்துக் கேட்கிற இரண்டாவது, மூன்றாவது கேள்வியில்தான் வரும். எப்படி என்பதை ஒரு உரையாடலாகவே காட்டுகிறேன். உங்கள் துறையை ஒத்த ஒரு படப்பிடிப்பின் சாரம் இது, அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பேசுபவர் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்பவர்.

"இது வந்ததுக்கு அப்புறம் வேலை எப்படி இருக்குங்க?"

"ரொம்ப ஈஸியா இருக்கு சார். முன்னாடி ஒரே டென்ஷன். இப்போ அந்த டென்ஷனே இல்ல."

உங்கள் வீடியோக்கள் இந்த இடத்தில் அடுத்த கேள்விக்குத் தாவியிருக்கும். இங்கே தாவவில்லை. பதிலில் உயிருள்ள சொல் ஒன்றுதான் இருக்கிறது: டென்ஷன். அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"டென்ஷன்னு சொன்னீங்களே, அது எந்த நேரத்துல அதிகமா இருக்கும்?"

"காலையிலதான். அதுவும் லீவு முடிஞ்சு திறக்கிற அன்னிக்கு."

"சரி, அப்படி ஒரு காலை. நீங்க வந்து உட்கார்றீங்க. மேசை மேல என்னென்ன இருக்கும்?"

"நோட்டு இருக்கும். ரெண்டு போன். உட்கார்றதுக்கு முன்னாடியே ரெண்டும் அடிக்க ஆரம்பிச்சிடும். ஒண்ணை எடுத்து 'ஒரு நிமிஷம்'னு சொல்லிட்டு இன்னொண்ணை எடுப்பேன். அதுக்குள்ள எதிர்ல ரெண்டு பேர் வந்து நிப்பாங்க."

"அப்படிப்பட்ட நாள்ல, இன்னும் மறக்காத மாதிரி ஏதாவது நடந்திருக்கா?"

கொஞ்சம் யோசிக்கிறார். கேட்பவர் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு தடவை பத்தரை மணிக்கு ரெண்டு பேர் வந்து நின்னுட்டாங்க. நான் ஒருத்தருக்கு எழுதி வெச்சிருக்கேன். டாக்டர் உள்ள இருந்தே இன்னொருத்தருக்கு வாயால சொல்லிட்டார், எனக்குத் தெரியாது. ரெண்டாவது வந்தவர் ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு வந்திருக்கார்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல சார். வாட்சைப் பார்த்தார். 'பரவாயில்ல, இன்னொரு நாள் வரேன்'னு கிளம்பிட்டார். அப்புறம் வரவே இல்ல."

"அதுக்கப்புறம் நீங்க ஏதாவது மாத்திப் பார்த்தீங்களா?"

"நோட்டுல டாக்டருக்குன்னு தனியா கோடு போட்டு ஒரு பகுதி விட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு உள்ள போய், 'சார், யாருக்காவது டைம் குடுத்தீங்களா'ன்னு கேட்பேன். உள்ள ஆள் இருந்தா கதவுகிட்டயே நிக்கணும். நான் அங்க நிக்கிறப்போ இங்க போன் அடிக்கும்."

இந்தச் சில வரிகளை முதல் பதிலோடு வைத்துப் பாருங்கள். "டென்ஷன்" என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் மடிந்து கிடந்திருக்கிறது. இதைப் பார்க்கிற இன்னொரு மருத்துவமனைக்காரர், 'நம்ம இடத்திலும் இதே கதைதான்' என்று நினைப்பார். மென்பொருளின் பெயர் இன்னும் ஒரு தடவைகூட வரவில்லை என்பதையும் கவனியுங்கள். வர வேண்டிய அவசியமும் இல்லை. முன்பு இருந்த தொல்லை எவ்வளவு துல்லியமாக வருகிறதோ, அவ்வளவுக்குப் பின்னால் வருகிற மாற்றம் தானாகவே புரியும். பேட்டி நேரத்தில் பாதியையாவது 'முன்பு' என்ற பகுதிக்கே கொடுங்கள் என்று சொல்வேன். விற்றவர்களுக்கு இது பிடிக்காது. தங்கள் பொருளைப் பற்றி எப்போது பேச்சு வரும் என்று காத்துக்கொண்டிருப்பார்கள்.

மேலே உள்ள கேள்விகள் போகிற வழியைக் கவனித்தால் அதையே எந்தப் பேட்டியிலும் பயன்படுத்தலாம். அவர் பதிலில் உயிருள்ள சொல்லை எடுத்து, எந்த நேரத்தில் என்று கேட்கிறோம். நேரம் வந்ததும் கண்ணில் என்ன படும் என்று கேட்கிறோம். மேசை, போன், கதவு என்று பொருட்கள் வர ஆரம்பித்ததும், அப்படி நடந்த ஒரு தடவையைக் கேட்கிறோம். ஒரு தடவை கிடைத்ததும் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறோம். கடைசியில், அதற்காக நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்கிறோம். இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. உண்மையிலேயே வலித்தவர்கள் ஏதாவது ஒட்டுப்போட்டுப் பார்த்திருப்பார்கள்: தனிக் கோடு, வேறு நிறப் பேனா, கதவருகே நடை, வீட்டுக்குப் போன பிறகும் குறிப்பு எழுதுவது. அந்த ஒட்டு வேலையே பிரச்சினை எவ்வளவு பெரிது என்பதற்குச் சாட்சி. "ரொம்பக் கஷ்டப்பட்டோம்" என்று நூறு முறை சொன்னாலும், கதவருகே நின்றுகொண்டு தூரத்தில் அடிக்கும் போனைக் கேட்கிற அந்தக் காட்சிக்கு ஈடாகாது.

'பின்பு' பகுதிக்கும் இதே வழிதான். "இப்போது எப்படி?" என்று கேட்டால் மறுபடியும் "சூப்பர்" வரும். "இது வேலைக்கு ஆகுதுன்னு உங்களுக்கு முதல்ல எப்போ தெரிஞ்சது? அன்னிக்கு என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேளுங்கள். அதே பேட்டியில் இதற்கு வந்த பதில்: "ஒரு நாள் போன்ல பேசிக்கிட்டே ஸ்கிரீனைப் பார்க்கிறேன், நாலு மணிக் கட்டம் நிறம் மாறிச்சு. நான் தொடவே இல்ல. டாக்டர் உள்ள இருந்து யாருக்கோ குடுத்திருக்கார். நான் போன்ல இருந்தவங்ககிட்ட 'நாலரைக்கு வாங்க'ன்னு சொல்லிட்டேன். எந்திரிக்கவே இல்ல." வீடியோவின் நடுப்பகுதி இதுதான். முன்பு அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போனவர் இப்போது எழவில்லை. இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் விளக்கமே தேவையில்லை.

நேர மிச்சத்தைப் பற்றி நிச்சயம் கேட்பீர்கள். "எவ்வளவு நேரம் மிச்சமாகுது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். யாரும் கடிகாரம் வைத்து அளந்திருக்க மாட்டார்கள். "ஒரு ஐம்பது சதவீதம் இருக்கும்" என்று உங்களைச் சந்தோஷப்படுத்தும் ஒரு எண் வரும், அதை நீங்களே நம்ப மாட்டீர்கள். ஒரு வேலையைக் குறிப்பிட்டு, ஆரம்பத்தையும் முடிவையும் கேளுங்கள். "நாளைக்கு வர வேண்டியவங்களுக்கு ஞாபகப்படுத்த போன் பண்ணுவீங்கல்ல, அதை எத்தனை மணிக்கு ஆரம்பிப்பீங்க? எப்போ முடியும்?" "அஞ்சு மணிக்கு உட்கார்ந்தா ஆறு, ஆறேகால் ஆகிடும்." "இப்போ அந்த அஞ்சு மணிக்கு என்ன பண்றீங்க?" அந்த ஒரு மணி நேரத்தில் இப்போது நடப்பது எதுவோ, அதுதான் உங்களுக்கு வேண்டிய எண்ணின் உண்மையான முகம். சொன்ன எண்ணைப் பிறகு பழைய நோட்டிலோ மென்பொருளின் பதிவிலோ சரிபார்த்துக்கொள்ளலாம். சதவீதத்தை அப்படிச் சரிபார்க்க முடியாது.

"ஏன் எங்களைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்ற கேள்வியை அடியோடு விட்டுவிடுங்கள். 'ஏன்' என்று கேட்டால் மனிதர்கள் அப்போதைக்கு ஒரு காரணத்தைக் கட்டிச் சொல்வார்கள், அது பெரும்பாலும் உங்கள் விளம்பரத் தாளில் இருக்கிற காரணமாகவே இருக்கும். "வேற ஏதாவது பார்க்கணும்னு முதல்ல பேச்சு வந்தது எப்போ? அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் காரணம் நிகழ்ச்சியாக வரும். கூடவே, என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி ஒன்றையும் சேருங்கள்: "வாங்கலாம்னு சொன்னப்போ, வேண்டாம்னு சொன்னது யார்? என்ன சொன்னாங்க?"

இதைக் கேட்க விற்பவர்களுக்குப் பயம். ஆனால் வீடியோவைப் பார்க்கிறவர் யார்? வாங்கலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவர். அவர் மனத்தில் இருக்கிற சந்தேகத்தை இன்னொரு வாடிக்கையாளர் வாயால் கேட்டால்தான் நிமிர்ந்து உட்காருவார். நான் சொல்லிக்கொண்டிருக்கும் பேட்டியில், மூத்த மருத்துவர்தான் வேண்டாம் என்றாராம். "நெட் போச்சுன்னா அன்னிக்கு யார் வர்றாங்கன்னே தெரியாதே" என்பது அவர் வாதம். அடுத்த கேள்வி கைவசம் இருக்க வேண்டும்: "அப்படி நெட் போன நாள் வந்துச்சா? அன்னிக்கு என்ன பண்ணீங்க?" வந்தது. முந்தின நாள் மாலையே அடுத்த நாள் பட்டியலை அச்செடுத்து மேசையில் வைக்கும் பழக்கத்தை அவர்களாகவே ஏற்படுத்தியிருந்ததால் அன்றைய நாள் ஓடிவிட்டது. மாலையில் இணைப்பு வந்ததும் புதிதாகக் கொடுத்த நேரங்களை ஏற்றிவிட்டார்கள். மென்பொருள் குறையே இல்லாதது என்று இது சொல்லவில்லை. குறை வந்தால் சமாளிக்கலாம் என்று சொல்கிறது. வாங்குகிறவருக்கு இதுதான் அதிகம் உதவும். "எதுவும் பிரச்சினையே இல்லை" என்று சொல்லும் வாடிக்கையாளரை யாரும் நம்புவதில்லை.

பரிந்துரைக் கேள்வியும் இப்படித்தான். "பரிந்துரைப்பீர்களா?" என்பதற்கு 'ஆமாம்' தவிர வேறு பதில் சொல்ல அந்த இடத்தில் யாருக்கும் மனம் வராது. "இதைப் பத்தி வேற யார்கிட்டயாவது பேசியிருக்கீங்களா? அவங்க என்ன கேட்டாங்க? நீங்க என்ன சொன்னீங்க?" பேசியிருந்தால், உங்களுக்குக் கிடைப்பது ஏற்கெனவே நடந்த பரிந்துரை. இன்னொருவரை ஒப்புக்கொள்ள வைக்க அவரே தேர்ந்தெடுத்த வார்த்தைகள் அவை. விளம்பரம் எழுதுகிற எவராலும் அதைவிட நன்றாக எழுத முடியாது. பேசியிருக்காவிட்டால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்விகளுக்கு வெளியே, பேட்டியைக் கெடுக்கும் சில விஷயங்கள் இருக்கின்றன. உங்கள் விஷயத்தில் இவற்றில் ஒன்றிரண்டு நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

முதலாவது, யாரைப் பேச வைத்தீர்கள்? பெரும்பாலும் உரிமையாளரைத்தான் உட்கார வைப்பார்கள். காசோலையில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான் என்றாலும் மென்பொருளைத் தொடுகிறவர் அவர் இல்லை. அவரிடம் இருப்பது சுருக்கம் மட்டுமே. தினமும் அதில் வேலை செய்கிறவரைப் பேச வையுங்கள். உரிமையாளரிடம் 'வாங்க முடிவெடுத்த நாள்' பற்றி மட்டும் தனியாகக் கேளுங்கள். இருவரையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். முதலாளி பக்கத்தில் நின்றால், 'முன்பு எவ்வளவு குழப்பம்' என்று ஊழியர் எப்படிச் சொல்வார்? அது தன் வேலையைத் தானே குறை சொல்வதாகிவிடும். உரிமையாளரிடம் மரியாதையாக, "நீங்க இருந்தா அவங்க கூச்சப்படுவாங்க, ஒரு அரை மணி நேரம் மட்டும்" என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதே போல, அவருக்கு மென்பொருளை விற்றவரோ தினமும் உதவி செய்கிறவரோ கேள்வி கேட்கக் கூடாது. பழகிய முகத்தின் முன்னால் குறையைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அதைவிட, 'உங்களுக்குத்தான் தெரியுமே' என்று பாதியைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். அலுவலகத்தில் அவரோடு பழகாத ஒருவரை அனுப்புங்கள்.

இரண்டாவது, கேள்விகளை முன்கூட்டியே அனுப்பியிருந்தால் அதை நிறுத்துங்கள். அனுப்பினால் உட்கார்ந்து எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். எழுத்தில் எல்லோரும் கொஞ்சம் விறைப்பாகிவிடுகிறோம், அந்த விறைப்பு அப்படியே முகத்தில் தெரியும். 'நோட்டு வைத்திருந்த காலம், மாறிய நாட்கள், இப்போதைய ஒரு நாள்' என்று தலைப்புகளை மட்டும் சொல்லுங்கள். பழைய நோட்டு இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதைப் புரட்டும்போது நினைவும் வரும், வெட்டி ஒட்ட உங்களுக்குக் காட்சியும் கிடைக்கும்.

படப்பிடிப்புக்குச் சில நாட்கள் முன்னால் 15 நிமிடம் போனில் பேசுவது நல்லது. ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. "ஒரு தடவை ரெண்டு பேர் ஒரே நேரத்துக்கு வந்துட்டாங்க..." என்று போனிலேயே ஆரம்பித்தால், உடனே நிறுத்திவிடுங்கள். "இதை அன்னிக்கு முழுசா கேட்டுக்கிறேன், இப்போ சொல்லிடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். கேமரா முன்னால் இரண்டாவது தடவையாகச் சொல்லும்போது, "அதான் சொன்னேனே, அந்த ரெண்டு பேர் விஷயம்" என்று சுருங்கிவிடும். போனில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கதை எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான். அழைப்பை வைத்ததும் 'பத்தரை மணி, இரண்டு பேர்' என்று நாலு சொல் குறித்துக்கொள்ளுங்கள், போதும். போனில் எந்த நிகழ்ச்சியின் வாடையுமே தெரியவில்லை என்றால் அந்த வாடிக்கையாளரை இப்போது எடுக்காதீர்கள். வாங்கி ஓரிரு வாரமே ஆனவர்களிடம் சொல்ல எதுவும் இருக்காது. ரொம்பப் பழகிவிட்டவர்களுக்குப் பழைய காலம் மங்கியிருக்கும். மாறிச் சில மாதங்கள் ஆனவர்கள்தான் சரியான ஆட்கள்.

படப்பிடிப்பில் உங்கள் குரல் வெட்டப்படப் போகிறது. நம் பேச்சில் அது, இது, அவங்க என்றே பாதி ஓடும். "முன்னாடி ரெண்டு போன் வெச்சிருந்தீங்களே, அது எப்படி?" என்று கேட்டால், "அது பெரிய தலைவலிங்க" என்று வரும். கேள்வியை எடுத்துவிட்டால் எது தலைவலி என்று யாருக்கும் புரியாது. 'கேள்வியையும் சேர்த்துச் சொல்லுங்க' என்று கேட்டுக்கொள்வது வழக்கம். அது பள்ளிக்கூட விடைத்தாள் மாதிரி ஒலிக்கும், எனக்குப் பிடிப்பதில்லை. "அந்த ரெண்டு போன் பத்திச் சொல்லுங்க" என்று, முழு வாக்கியம் தேவைப்படுகிற மாதிரி கேளுங்கள். அப்படியும் 'அது' என்றே ஆரம்பித்தால், கதை முடியும்வரை விட்டுவிட்டு, "எதைச் சொல்றீங்க?" என்று அப்பாவியாக ஒரு கேள்வி. "ரெண்டு போனும் ஒரே நேரத்துல அடிக்கிறதைத்தான்" என்று பெயரோடு வந்துவிடும்.

பதில் முடிந்த பிறகு 3 அல்லது 4 விநாடி பேசாமல் இருங்கள். கேட்பவருக்கு அது அரை மணி நேரம் மாதிரி இருக்கும். முதலில் வருவது தயாராக இருந்த பதில். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் அவருடைய சொந்தப் பதில். "அப்புறம் வரவே இல்ல" என்ற வரி அப்படி வந்ததுதான். 'வாட்சைப் பார்த்தார்' என்றதும் "அடடா" என்று குறுக்கே புகுந்திருந்தால் அது வந்திருக்காது. வந்திருந்தாலும் இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, வெட்ட முடியாமல் போயிருக்கும். "ம்", "ஆமாங்க", "ஓ" எல்லாவற்றையும் தலையாட்டலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல பகுதியை அவர் உளறிவிட்டால், அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள். இரண்டாவது தடவை நடிப்பாகிவிடும். வேறு பக்கத்திலிருந்து கேளுங்கள்: "அந்த நேரம் பக்கத்துல உட்கார்ந்திருந்தவங்க என்ன பண்ணாங்க?" அதைச் சொல்லப் போகும்போது முழு நிகழ்ச்சியையும் இன்னொரு தடவை புதிதாகச் சொல்லிவிடுவார். அதற்காக, "அப்போ உங்களுக்கு ரொம்ப அவமானமா இருந்திருக்குமே?" என்று உணர்ச்சியை நீங்களே ஊட்டாதீர்கள். ஆமாம் என்பார். ஆனால் அந்தச் சொல் அவருடையது இல்லை, பார்க்கிறவருக்கு அது தெரிந்துவிடும். "அப்போ எப்படி இருந்துச்சு?" என்பதோடு நிறுத்துங்கள். மூன்று விதமாகக் கேட்டும் எதுவும் வரவில்லை என்றால், அங்கே கதை இல்லை என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இல்லாததை வரவழைக்க முயன்றால், உங்களுக்காக ஒன்றைப் புனைந்து கொடுத்துவிடுவார். அது இன்னும் ஆபத்து.

மொத்தம் 30, 40 நிமிடம் பேசினால் போதும். இறுதி வீடியோ ஒன்றரை நிமிடம், அதிகம் போனால் இரண்டு. முழுப் பேச்சையும் எழுத்தில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சோதனை வையுங்கள்: உங்கள் போட்டி நிறுவனத்தின் வீடியோவில் இதே வாக்கியத்தை ஒட்டினால் பொருந்துமா? பொருந்தினால் அடித்துவிடுங்கள். "ரொம்ப ஈஸியா இருக்கு" எங்கே வேண்டுமானாலும் பொருந்தும். "நான் அங்க நிக்கிறப்போ இங்க போன் அடிக்கும்" அந்த ஒருவருடையது. மிஞ்சுவதில் ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நல்ல கதைகள் கிடைத்தால் மூன்று வீடியோ. ஒன்றில் மூன்றையும் திணித்தால் மூன்றுமே சுருக்கமாகிவிடும், மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவீர்கள். ஏற்கெனவே எடுத்த அந்த மூன்று வீடியோக்களின் முழுப் பதிவையும் இதே சோதனையோடு ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கேள்வி முடிந்து கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்த இடங்களில் ஏதாவது இருக்கலாம். அதைப் பயன்படுத்துவதாக இருந்தால் அவர்களிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள்.

வெட்டி முடித்ததும் வெளியிடுவதற்கு முன் பேசியவருக்கும் உரிமையாளருக்கும் போட்டுக் காட்டுங்கள். எண்கள் சரிதானா என்று அவர்களே உறுதி செய்யட்டும். பேட்டிக்காகக் கட்டணத்தில் சலுகையோ பரிசோ கொடுத்திருந்தால், அதை வீடியோவிலேயே தெரியும்படி குறிப்பிடுங்கள். உங்கள் துறையில் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும்: பழைய நோட்டைப் புரட்டும் காட்சியிலும், பின்னால் தெரியும் திரையிலும் நோயாளிகளின் பெயரும் போன் நம்பரும் இருக்கும். திரைக்கு மாதிரிப் பெயர்கள் போட்ட ஒரு நாள் அட்டவணையை முதலிலேயே தயார் செய்து கொண்டுபோங்கள். நோட்டைப் பொறுத்தவரை, கோடு போட்ட அந்தத் தனிப் பகுதி தெரிந்தால் போதும், பெயர்களை மங்கலாக்கிவிடலாம். கதையில் வருகிறவரும் "ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு வந்தவர்" என்பதோடு நிற்கட்டும். எந்த நாள், எந்தச் சிகிச்சை என்ற விவரம் வாய் தவறி வந்திருந்தால் அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள்.